கார் வைஃபை: உள்ளே இருக்கும் சிம் யாருடையது, இலவசக் காலம் முடிந்தால் எது நிற்கும், யாழ்ப்பாணத்தில் என்ன செய்யலாம்

வாகன விளம்பரங்களில் இப்போது 'வைஃபை உண்டு' என்று ஒரு வரி கட்டாயம் இருக்கிறது. 2025 பெப்ரவரியில் இறக்குமதி திரும்பவும் திறந்த பிறகு ஊருக்குள் வந்து இறங்குகிற வாகனங்களில் பல ஏதோ ஒரு விதத்தில் இணையத்தோடு தொடர்பு உள்ளவைதான், அதனால் அந்த வரி பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அது எந்த வைஃபை என்று கேட்டால் விற்கிறவருக்கும் தெரியாது. வாங்கிய பிறகு வருகிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, வைஃபை இருக்கெண்டு சொல்லித்தான் வித்தவங்கள், சிம் போட ஒரு ஓட்டையையும் காணேல்லை, இதை எப்பிடி ஓன் பண்ணுறது?"

ஓட்டை இருக்காது. ஏன் என்பதிலிருந்து தொடங்குவோம்.

காருக்குள் மூன்று தனித்தனிப் பாதைகள்

முதலாவது, காரின் சொந்த மோடம். டாஷ்போர்டுக்கு உள்ளேயோ கூரைப் பக்கமோ ஒளிந்திருக்கும் சிறு பெட்டி. அதன் சிம் பலகையிலேயே ஈயம் வைத்துப் பற்றப்பட்டிருக்கும், கழற்றி மாற்றும் சிம் அல்ல. போனிலிருந்து கதவைப் பூட்டுவது, ஏசியை முன்கூட்டிப் போடுவது, கார் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது, SOS அழைப்பு எல்லாம் இதன் வழியாகப் போகும். இந்த சிம்முக்கான ஒப்பந்தம் கார்க் கம்பனிக்கும் ஒரு தொலைபேசிக் கம்பனிக்கும் இடையில். நீங்கள் அதில் ஒரு தரப்பே இல்லை.

இரண்டாவது, பயணிகளுக்கான ஹொட்ஸ்பொட். பெரும்பாலும் அதே மோடத்தைத்தான் பயன்படுத்தும், ஆனால் டேட்டாவுக்குக் காசு தனி. ஜப்பானிலேயே டொயோட்டாவின் T-Connect அடிப்படைச் சேவை புதிய வாகனங்களுக்கு முதல் பதிவிலிருந்து 5 வருடம் இலவசம், ஆனால் காருக்குள் வைஃபை வேண்டுமென்றால் அதற்கு மாதம் 1,100 யென் தனியாகக் கட்ட வேண்டும். நிசானில் இதே வேலைக்கு டொகோமோ நிறுவனத்திடம் நாளுக்கோ, 30 நாளுக்கோ, வருடத்துக்கோ வாங்க வேண்டும். ஆகவே 'இணைய வசதி 5 வருடம் இலவசம்' என்றால் பிள்ளைகள் யூடியூப் பார்க்க டேட்டாவும் இலவசம் என்று அர்த்தம் இல்லை.

மூன்றாவதுதான் நமக்கு உதவப்போவது. காரின் ஸ்க்ரீன், உங்கள் போனோ ரௌட்டரோ தருகிற வைஃபையோடு ஒரு சாதாரண டெப்லெட்டைப் போல இணைந்துகொள்வது. இங்கே கார் வைஃபையை வாங்குகிறது, தருவதில்லை. விளம்பரத்தில் 'வைஃபை உண்டு' என்று போட்டிருப்பது பல தடவை இதுதான்.

மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், இலவசக் காலம் முடியும்போது எது நிற்கும், எது நிற்காது என்பதை யாரும் சொல்லாமலே கணிக்கலாம்.

முதல் படி: உங்கள் காரில் எது இருக்கிறது என்று பாருங்கள்

இக்னிஷனைப் போட்டு ஸ்க்ரீனில் Settings போய் Wi-Fi என்பதைத் திறவுங்கள். ஜப்பானிய மொழியில் இருந்தாலும் Wi-Fi என்ற எழுத்து அப்படியேதான் இருக்கும். அக்கம்பக்கத்து வீட்டு ரௌட்டர்களின் பெயர்கள் வரிசையாக வந்தால் அது வைஃபையை வாங்குகிற வகை. காரின் சொந்தப் பெயரும் ஒரு பாஸ்வேர்டும் மட்டும் தெரிந்தால் அது தருகிற வகை. இரண்டும் தனித்தனியாக இருக்கிற மொடல்களும் உண்டு.

தருகிற வகை என்றால் போனை அதில் இணைத்துப் பாருங்கள். 'இணைந்தது, ஆனால் இணையம் இல்லை' என்று வந்தால் பழுது இல்லை. ரேடியோ வேலை செய்கிறது, பின்னால் டேட்டா இல்லை, அவ்வளவுதான். சில கார்களில் அந்த வைஃபை வயர்லெஸ் கார்ப்ளேக்காக மட்டும் இருக்கும், அதில் என்றைக்குமே இணையம் வராது.

அப்புறம் கூரைப் பக்கம் SOS பொத்தான் இருக்கிறதா, அதன் பக்கத்துச் சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பொத்தான் இருந்தால் உள்ளே மோடம் இருக்கிறது. விளக்கு எரியாவிட்டால், அல்லது சிவப்பாக நின்றால், அந்தச் சேவை உங்களுக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்க்ரீன் மேப்பில் அம்புக்குறி நகர்வதைக் காட்டி "பாருங்கோ, சிம் வேலை செய்யுது" என்று சொல்லுவார்கள். அது ஜிபிஎஸ். வானத்திலிருந்து வருகிறது, சிம்மும் தேவையில்லை, காசும் இல்லை. ஜப்பான் மேப் உள்ள செட்டில் அம்பு வெறும் இடத்தில் ஓடிக்கொண்டிருப்பதும், மணிக்கூடு மூன்றரை மணித்தியாலம் முன்னுக்கு ஜப்பான் நேரத்தைக் காட்டுவதும் அதனால்தான்.

ஜப்பான் ரீகண்டிஷன் கார் என்றால்

இங்கே நம்பிக்கை வைக்க ஒன்றும் இல்லை. டொயோட்டாவின் மோடம் ஜப்பானில் கேடிடிஐ நிறுவனத்தின் வலையமைப்பில் ஓடுகிறது. கார் ஏற்றுமதியாகும்போது அங்கே பதிவு ரத்தாகும், சேவை ஒப்பந்தமும் அதோடு போய்விடும். மோடம் நல்லாத்தான் இருக்கும், இங்கத்தைய கோபுரங்கள் அதன் காதில் விழவும் கூடும். ஆனால் அந்த சிம்முக்கு இங்கே ரோமிங் தர யாரும் ஒப்பந்தம் செய்யவில்லை. பலகையில் பற்றியிருக்கிற சிம்மில் வேறு கம்பனியின் இலக்கத்தை ஏற்றுவது தொழில்நுட்பத்தில் முடியாத காரியம் இல்லைதான், ஆனால் அந்தச் சாவி கார்க் கம்பனியிடம். "உள்ளே இருக்கிற சிம்மை அன்லொக் பண்ணித் தாறன்" என்று காசு கேட்கிறவரிடம் நானென்றால் கொடுக்க மாட்டேன். அவர் செய்யக்கூடியது செட்டையே மாற்றுவது, அதற்குப் பேர் அன்லொக் இல்லை.

ஆகவே தொலைவிலிருந்து பூட்டுவது, கார் இருக்கும் இடம், SOS, நேரடிப் போக்குவரத்துத் தகவல், உதவியாளரோடு கதைப்பது எதுவும் கிடையாது. புது டொயோட்டாக்களின் ஒரு வகை ஸ்க்ரீனில் மேப்பே சேவை மையத்திலிருந்துதான் இறங்கும், அதில் நவிகேஷனும் திறக்காது. திறந்தாலும் ஜப்பான் மேப்தானே, துக்கப்பட ஒன்றுமில்லை. மிஞ்சுவது புளூடூத், எஃப்எம், பின் கமரா, வயரில் கார்ப்ளே அல்லது அன்ட்ராய்ட் ஓட்டோ, தானாகப் பிரேக் பிடிக்கும் பாதுகாப்பு வசதிகள். இவை சிம்மை நம்பி இல்லை.

SOS பற்றி ஒரு சொல். ஜப்பானில் அது அங்கத்தைய அவசர மையத்துக்குப் போகும், இங்கே யாருக்கும் போகாது. வீட்டில் கார் ஓடுகிற எல்லோரிடமும் இதைச் சொல்லி வையுங்கள், விபத்தில் பதறி அந்தப் பொத்தானை அமத்திக்கொண்டு நிற்காமல் போனில் அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119 அடிக்கட்டும்.

ஏஜென்டிடம் புதிதாக வாங்கிய கார் என்றால்

சீன, இந்திய, கொரிய கார்கள் இங்கே உத்தியோகபூர்வமாக வரும்போது கதை வேறு. உள்ளூரில் வேலை செய்யும் சிம்மோடு வந்தால் போனில் போடுகிற காரின் செயலி உண்மையாகவே வேலை செய்யும். அப்போது முதலில் தெரிய வேண்டியது இலவசக் காலத்தின் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்பது. சில இடங்களில் நீங்கள் செயலியில் பதிந்த நாளிலிருந்து, சில இடங்களில் காரின் முதல் பதிவு அல்லது விற்பனை நாளிலிருந்து. ஷோரூமில் டெமோவாக ஓடிய காரை வாங்கினால் பாதிக் காலம் உங்களுக்கு முன்னமே போயிருக்கலாம். முடியும் திகதியைச் செயலியில் கணக்கு அல்லது சந்தா என்ற பகுதியில் பார்த்து, ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வையுங்கள்.

காசு கட்டும் முன் ஷோரூமில் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள், வட்ஸ்அப்பில் பதில் வந்தாலும் போதும்: இலவசக் காலம் முடிந்த பிறகு இலங்கையில் சந்தாவைப் புதுப்பிக்க வழி இருக்கிறதா, எவ்வளவு? ஸ்க்ரீனுக்கு மாதம் எத்தனை ஜிபி, அது முடிந்தால் நிற்குமா மெதுவாகுமா? காரை விற்றால் மிச்சக் காலம் வாங்குகிறவருக்குப் போகுமா? முதலாவது கேள்விக்குத்தான் ஆட்கள் தடுமாறுவார்கள். வெளிநாட்டில் விலைப்பட்டியல் இருக்கும், இங்கே கட்டுவதற்கு வழியே இல்லாமலும் இருக்கலாம்.

எது நிற்கும் என்பதற்கு நல்ல உதாரணம் டெஸ்லா, ஏனென்றால் அவர்கள் கோட்டைத் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் மாதம் 9.99 டொலர் கட்டுகிற பிரீமியம் சந்தா முடிந்தால் ஸ்க்ரீனில் நேரடிப் போக்குவரத்து நிறங்கள், செய்மதிப் படம், சிம் வழியாக வரும் பாட்டு, வீடியோ எல்லாம் போகும். வழிகாட்டும் நவிகேஷன் நிற்காது. பாட்டும் வீடியோவும் போன் ஹொட்ஸ்பொட்டைக் கொடுத்தால் திரும்ப வரும். 2022 ஜூலை 20-க்குப் பிறகு ஓடர் செய்த கார்களுக்கு நவிகேஷன் அடங்கிய அந்த அடிப்படைச் சேவைக்கும் 8 வருடம் என்று எல்லை இருக்கிறது. கனடாவில் இருக்கிற மச்சான் "என்ர காரிலை மேப்பிலை ரோட்டு நிறம் காட்டுறதில்லை, பழுதாப் போச்சு" என்றால் முதலில் சந்தாவைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மற்றக் கம்பனிகளும் ஏறத்தாழ இதே இடத்தில்தான் வெட்டுகின்றன. ஸ்க்ரீனில் பார்ப்பது, கேட்பது எல்லாம் வேறு வைஃபை கொடுத்தால் பெரும்பாலும் உயிர்க்கும். வெளியிலிருந்து காரைக் கூப்பிடுகிற எதுவும், அதாவது தொலைவிலிருந்து பூட்டு, ஏசி, இடம் காட்டல், மின்சார காரின் சார்ஜ் நிலை, உயிர்க்காது. நீங்கள் வீட்டுக்குள் இருக்கும்போது கார் கராஜில் உறங்குகிறது, அதை எழுப்பத் தெரிந்தது அந்த மோடம் மட்டும். போன் ஹொட்ஸ்பொட் எவ்வளவு பலமாக இருந்தாலும் இதற்கு ஈடாகாது. மின்சார கார்க்காரர்கள் சந்தா முடியும் முன்பே சார்ஜ் நேரத்தைச் செயலியில் அல்லாமல் காரின் ஸ்க்ரீனிலேயே குறித்து வையுங்கள், அது மோடம் இல்லாமலும் ஓடும்.

சந்தா கட்டினாலும் வராத ஒரு வகை நிறுத்தம் இருக்கிறது. வலையமைப்பே மூடப்படுவது. 2022-இல் அமெரிக்காவில் ஏடிஅன்ட்டி 3ஜியை மூடியபோது 3ஜி மோடம் இருந்த நல்ல நிலைக் கார்களிலும் மோடம் ஊமையானது. பிரிட்டனில் பழைய நிசான் லீஃப்களின் செயலி 2024 ஏப்ரலில் நின்றது, அவற்றில் இருந்தது 2ஜி மோடம். பழைய கார் வாங்கும்போது மோடம் 4ஜியா என்று கேட்பது இதனால்தான்.

இனி நாமே வைஃபை போடுவோம்

கோண்டாவிலில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் தேவையை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். ரீகண்டிஷன் டொயோட்டா, மாதத்தில் ஒரு தடவை கொழும்புக்கு, கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், நின்று சாப்பிட்டுப் போக 8 மணித்தியாலம். முன்னுக்குக் கூகிள் மேப்பும் பாட்டும், பின்னுக்கு இரண்டு பிள்ளைகள், ஆளுக்கு ஒரு டெப்லெட்.

மேப் 8 மணித்தியாலத்துக்கும் சேர்த்து 100 எம்பியைத் தாண்டாது. பாட்டு சாதாரணத் தரத்தில் மணிக்கு 70 எம்பி சொச்சம், முழு வழியும் ஓடினால் 600 எம்பிக்குள். யூடியூப்தான் விழுங்குவது: 480 தரத்தில் மணிக்கு அரை ஜிபி போல, 1080 தரத்தில் 2 ஜிபி போல. இரண்டு டெப்லெட்டும் தலா 3 மணித்தியாலம் என்றால் 480-இல் 3 ஜிபி, 1080-இல் 12 ஜிபி. டெப்லெட் ஸ்க்ரீனில் அந்த வித்தியாசம் பிள்ளைகளுக்குத் தெரியாது. யூடியூப் செயலியில் வீடியோத் தரத்தைக் குறைத்து வைத்தால், போக வர 8 ஜிபி தாராளம்.

இந்தக் கணக்கைப் பிழைக்க வைப்பது வேறு ஒன்று. டெப்லெட், வைஃபை கிடைத்தவுடன் 'வீட்டுக்கு வந்துவிட்டேன்' என்று நினைத்துப் படங்களை மேலே ஏற்றவும் செயலிகளைப் புதுப்பிக்கவும் தொடங்கும். வவுனியா வரும் முன் 5 ஜிபி போய்விட்டது என்று சொல்பவர்களுக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான். அன்ட்ராய்டில் அந்த வைஃபையின் விவரத்துக்குள் போய் Metered என்று மாற்றுங்கள், ஐபோன், ஐபேட்டில் Low Data Mode. பொக்கெட் ரௌட்டர் பாவிப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

போன் ஹொட்ஸ்பொட்டா, பொக்கெட் ரௌட்டரா? மாதம் ஒரு தூரப் பயணம் என்றால் போன் போதும், சும்மா இன்னொரு சிம்முக்கு ரீலோட் போடத் தேவையில்லை. போனில் ஹொட்ஸ்பொட் போடும்போது 2.4 கிகாஹேர்ட்ஸைத் தெரிவு செய்யுங்கள், பல கார் செட்டுகளுக்கு 5 பிடிபடாது. ஐபோனில் அது Maximize Compatibility என்ற பெயரில் இருக்கும். ஐபோன் யாரும் இணையாவிட்டால் ஹொட்ஸ்பொட்டைத் தானாக மறைத்துவிடும், ஆகவே கார் பிடிக்கும்வரை Personal Hotspot பக்கத்தைத் திறந்தே வையுங்கள். அன்ட்ராய்டில் தானாக அணையும் தெரிவை நிறுத்துங்கள். வயர்லெஸ் கார்ப்ளே, வயர்லெஸ் அன்ட்ராய்ட் ஓட்டோ ஓடும்போது போனின் வைஃபை ஏற்கெனவே காரோடு கட்டுப்பட்டிருக்கும், அந்த நேரம் ஹொட்ஸ்பொட்டும் போட்டால் ஒன்று மற்றதை அறுக்கும். வயரில் போடுங்கள், தீர்ந்தது.

கார் ஓடுகிறவர் அடிக்கடி மாறினால், அல்லது வான் ஹயருக்கு ஓடினால், ரௌட்டர்தான் சரி. வாங்கும் முன் பெட்டியில் உள்ள ஐஎம்ஈஐ இலக்கத்தை இப்படி எஸ்எம்எஸ்ஸில் எழுதி 1909-க்கு அனுப்பிப் பாருங்கள், தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிந்த கருவியா என்று பதில் வரும்:

```
IMEI 123456789012345
```

வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து தரும் ரௌட்டருக்கு இது மிக முக்கியம், அதோடு அது ஒரே கம்பனிக்குப் பூட்டப்பட்டிருக்கவும் கூடும். சில கார்களின் யூஎஸ்பி அரை ஆம்ப்தான் தரும், ரௌட்டர் வீடியோ ஓடும்போது அதற்கு மேல் இழுக்கும். விளக்கு எரிகிறது, ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அறுந்து அறுந்து வருகிறது என்றால் சிம்மைக் குறை சொல்லாமல் லைட்டர் துளையில் போடும் 2 ஆம்ப் சார்ஜருக்கு மாற்றுங்கள். டாஷ்போர்ட் மேல் வைக்காதீர்கள். நம்முடைய சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் லிதியம் பற்றறி ஊதிவிடும். ஆர்ம்ரெஸ்ட் பெட்டிக்குள் வையுங்கள், இறங்கும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.

பேக்கேஜ் தெரிவில் இரண்டு பொறி. ஒன்று, இரவு டேட்டா. ஜிபி எண்ணிக்கையில் பெரிதாகத் தெரிவதில் பாதி நள்ளிரவுக்குப் பிறகுதான் செல்லும், பகல் பயணத்துக்கு எனி டைம் டேட்டாவை மட்டும் எண்ணுங்கள். மற்றது, ஒரு செயலிக்கு மட்டும் அன்லிமிட்டட் பேக்கேஜ்கள். சிலவற்றில் ஹொட்ஸ்பொட்டில் கொடுத்தால் கணக்கு வேறு மாதிரி, நிபந்தனையை வாசித்துவிட்டு வாங்குங்கள்.

எந்த நெட்வேர்க் என்பதற்கு ஊரில் வேகம் பார்த்துப் பிரயோசனம் இல்லை, யாழ்ப்பாண டவுனுக்குள் எல்லாமே பறக்கும். பார்க்க வேண்டியது ஏ9-இல் மாங்குளத்தைச் சுற்றிக் காடு வரும் இடங்களும், நீங்கள் அநுராதபுரம் புத்தளம் பக்கமாகப் போகிறவரா, தம்புள்ளை குருநாகல் பக்கமாகப் போகிறவரா என்பதும். வீட்டில் இரண்டு கம்பனி போன் இருந்தால் ஒரு பயணத்தில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பதில் கிடைத்துவிடும். எதுவானாலும் கூகிள் மேப்பில் அந்த வழியை முன்கூட்டி இறக்கி வையுங்கள், பிள்ளைகளுக்கு இரண்டு படத்தையும் வீட்டு வைஃபையில் இறக்கிக் கொடுத்தால் 3 ஜிபி ஒன்றரையாகும்.

பற்றறியும் விற்பனையும்

உள்ளே இருக்கிற மோடம் கோபுரம் கிடைக்காமல் தேடிக்கொண்டே இருந்தால் 12 வோல்ட் பற்றறியை மெல்ல மெல்லக் குடிக்கக்கூடும். தினமும் ஓடும் காரில் இது தெரியாது. வெளிநாட்டுக்காரர் வந்து போகும் வீடுகளில் வாரக்கணக்கில் நிற்கும் காரில்தான் தெரியும். சந்தேகம் என்றால் காரைப் பூட்டி முக்கால் மணித்தியாலம் விட்டு, எலக்ட்ரீஷியனிடம் ஓய்வு மின்னோட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லி ஆம்புக்குக் கீழே நல்லது. 45 ஆம்ப்-மணி பற்றறி அந்த அளவில் ஒரு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கும், 300 என்றால் ஆறு நாளில் முழுக்க இறங்கிவிடும். மோடத்தின் பியூஸைக் கழற்றுவது சுலபம்தான், ஆனால் சில மொடல்களில் புளூடூத் அழைப்புக்கான காரின் மைக்கும் அதே வழியில் இருப்பதால் அழைப்பில் உங்கள் சத்தம் மற்றவருக்குக் கேட்காது. கழற்றிய உடனே ஒருவருக்கு அழைத்துப் பாருங்கள்.

பாவித்த காரை உள்ளூரில் வாங்கினால், பழைய உரிமையாளரின் செயலி இன்னும் இணைந்திருக்கிறதா என்பதைச் சாவி வாங்கும்போதே பாருங்கள். இணைந்திருந்தால் கார் உங்கள் வீட்டு முற்றத்தில் நிற்பது அவருடைய போனில் தெரியும், கதவையும் திறக்கலாம். ஸ்க்ரீனை ஃபக்டரி ரீசெட் செய்வது இதற்குப் போதாது, அது போன் விவரங்களையும் வைஃபை பாஸ்வேர்டையும் மட்டும்தான் அழிக்கும். கணக்கு இருப்பது கம்பனியின் சேர்வரில். அவர் உங்கள் கண் முன்னாலேயே தன் செயலியில் காரை நீக்க வேண்டும், பிறகு நீங்கள் உங்கள் பெயரில் சேர்க்க வேண்டும். அவர் ஊரில் இல்லை என்றால் வாகனப் புத்தகத்தோடு ஏஜென்டிடம் போய் நீக்கச் சொல்லலாம், மிச்சக் காசைக் கொடுக்கும் முன் அதைச் செய்துவிடுங்கள்.